நாலு பேர், நாலு ‘உரிமை’: ஹோஃபெல்டின் இணைகள்
(சட்டவியல் வகுப்புக் குறிப்பு)

கோபிசெட்டிபாளையம் பக்கம் இரண்டு ஏக்கர் தோட்டம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்திரமும் பட்டாவும் அண்ணன் பெயரில். அவர் துபாயில் வேலை பார்க்கிறார். ஊரில் இருக்கும் தம்பிக்கு, தோட்டத்தை விற்க ‘பவர்’ எழுதிப் பதிவு செய்து கொடுத்திருக்கிறார். ஒரு நாள் காலையில் நாலு பேச்சு காதில் விழுகிறது.

தம்பி குத்தகைக்காரரிடம் சொல்கிறார்: “போன வருசக் குத்தகைப் பணம் இன்னும் வரலீங்க. கேக்கறதுக்கு அண்ணனுக்கு உரிமை இருக்குது.” பக்கத்துத் தோட்டக்காரர்: “என் நிலத்துல நான் போர் போடறேன், எனக்கு உரிமை இருக்குதுங்க.” தரகரிடம் தம்பி: “பவர் எங்கிட்ட இருக்குது, விக்கறதுக்கு எனக்கு உரிமை இருக்குது.” சாலை அகலப்படுத்தப் போவதாகக் கேள்விப்பட்ட அண்ணன், போனில்: “என் நிலத்தை யாரும் சும்மா எடுத்துக்க முடியாது. எனக்கு உரிமை இருக்கு.”

நாலு பேச்சிலும் ஒரே சொல். சட்டத்தின் கண்ணில் நாலும் வேறு வேறு. வெஸ்லி நியூகோம்ப் ஹோஃபெல்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1913இல் யேல் சட்ட இதழில் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான். 1917இல் இன்னொரு கட்டுரை எழுதினார். மறு ஆண்டே, நாற்பது வயது ஆவதற்குள், இறந்துபோனார். அவருக்கு முன்பே சாமண்ட் என்ற சட்டவியலாளர் இந்த வேறுபாடுகளில் சிலவற்றைத் தொட்டிருந்தார். எட்டுச் சொற்களாக ஒழுங்குபடுத்தி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இன்னொருவரை நிறுத்தியது ஹோஃபெல்ட்.

‘எதிரே இன்னொருவர்’ என்பதை விட்டுவிடாதீர்கள். சட்ட உறவு என்பது இரண்டு பேருக்கு நடுவில் இருப்பது. “அண்ணனுக்கு உரிமை உண்டு” என்பது பாதி வாக்கியம்தான். யாருக்கு எதிராக, அவரிடம் இருப்பது என்ன என்று கேட்டால்தான் முழுமையாகும்.

குத்தகைப் பணத்தில் இது எளிது. அண்ணனிடம் இருப்பது கோரும் உரிமை. குத்தகைக்காரரிடம் இருப்பது கடமை. ஒரே உறவை அந்தப் பக்கம் நின்று பார்த்தால் கடமை, இந்தப் பக்கம் நின்று பார்த்தால் உரிமை. கண்டிப்பான பொருளில் ‘உரிமை’ என்ற சொல்லை இதற்கு மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் ஹோஃபெல்ட்.

போர் போடுகிறவர் கதை வேறு. அவர் போர் போடுவதற்காக யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை. ‘போடாதே’ என்ற கடமை அவருக்கு இல்லை, அவ்வளவுதான். இதை ஹோஃபெல்ட் சலுகை என்றார். சுதந்திரம் என்பது நமக்குப் பொருத்தமான சொல். எதிரே அண்ணனிடம் இருப்பது உரிமையின்மை: தடுக்கும்படி கேட்க அவருக்கு வழியில்லை. அண்ணன் கிணறு வற்றினாலும் இதே நிலைதான். ஆங்கிலச் சட்டத்தில் 1895ஆம் ஆண்டின் பிராட்ஃபோர்டு எதிர் பிக்கிள்ஸ் வழக்கு இதற்குப் பேர்போனது. நகராட்சியைத் தன் நிலத்தை வாங்க வைப்பதற்காகவே பிக்கிள்ஸ் நிலத்தடி நீரைத் தடுத்தார். நோக்கம் கெட்டதாக இருந்தாலும், செய்ய அவருக்குச் சுதந்திரம் இருந்ததால் நகராட்சி தோற்றது. நம் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு விளக்கத்திலும், வரையறுத்த வாய்க்காலில் ஓடாத நிலத்தடி நீரை நில உரிமையாளர் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. அதில் ‘உரிமை’ என்றே எழுதியிருப்பது ஹோஃபெல்டின் புகாருக்கு நல்ல சாட்சி. நாளைக்கு ஒரு சட்டம் வந்து அனுமதியில்லாமல் போர் போடக் கூடாது என்றால், அந்த அளவுக்குச் சுதந்திரம் போய்க் கடமை வந்து உட்காரும்.

இனி தம்பியின் பவர். இங்கேதான் மாணவர்கள் ஆண்டுதோறும் வழுக்கி விழுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

அதிகாரம் என்றால், நம் செயலால் சட்ட உறவை மாற்றக்கூடிய நிலை. தம்பி கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்டுப் பதிவு செய்தால் அண்ணனின் உடைமை வாங்குகிறவருக்குப் போய்விடும். எதிரே அண்ணனிடம் இருப்பது உட்படுநிலை. இதைக் கடமை என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. அண்ணன் எதையும் செய்யவேண்டியதில்லை. அவருடைய நிலை மாறக்கூடும், அவ்வளவே. உட்படுநிலை கெட்டதாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. உங்களுக்கு ஒருவர் விற்க முன்மொழிந்தால், ஏற்கும் அதிகாரம் உங்களிடம், உட்படுநிலை அவரிடம்.

இப்போது இதைச் சேருங்கள்: பவர் பத்திரத்தில் விலை எழுதவில்லை. அண்ணன் வாய்மொழியாக, “ஏக்கர் 40 லட்சத்துக்குக் கீழே கொடுத்துடாதே” என்று சொல்லியிருக்கிறார். தம்பி 30 லட்சத்துக்கு, அந்தப் பேச்சே தெரியாத ஒருவருக்கு விற்கிறார். விற்பனை நிற்குமா? 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 237ஆம் பிரிவுக்குத் தரப்பட்ட விளக்கமே ஏறக்குறைய இதுதான்: குறிப்பிட்ட விலைக்குக் கீழே விற்காதே என்று சொல்லிச் சரக்கு அனுப்பியவர், அது தெரியாமல் குறைந்த விலைக்கு வாங்கியவரிடம் கட்டுப்படுவார். ஆகவே அண்ணன் கட்டுப்படுவார். ஆனால் தன்னை நியமித்தவரின் சொற்படி நடக்கும் கடமையை 211ஆம் பிரிவு முகவர்மேல் வைக்கிறது. அதை மீறியதற்காகத் தம்பி அண்ணனுக்கு நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும். தம்பிக்கு அந்த விலைக்கு விற்க அதிகாரம் இருந்தது, சுதந்திரம் இல்லை. செய்யக்கூடாத ஒன்றைச் செல்லுபடியாகச் செய்ய முடியும் என்பது முதலில் விநோதமாகத்தான் இருக்கும். ‘முடியும்’, ‘செய்யலாம்’ என்று தமிழ் இரண்டு சொல் வைத்திருப்பது நமக்கு ஒரு வசதி. முன்னது அதிகாரம், பின்னது சுதந்திரம். (பவர் பத்திரமே கிரயம் ஆகிவிடாது என்று 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மறக்க வேண்டாம். பவர் பெற்றவர் முறையாகக் கிரயப் பத்திரம் எழுதித் தர வேண்டும்.)

கடைசியாக, அண்ணனின் போன். அவர் சொல்வது விலக்குரிமை: இன்னொருவர் என் சட்ட நிலையை மாற்ற முடியாது என்பது. எதிரே இருப்பது அதிகாரமின்மை. பக்கத்துத் தோட்டக்காரர் எத்தனை பத்திரம் எழுதினாலும் அண்ணன் நிலம் கைமாறாது. ஆனால் அரசுக்கு எதிராக? அரசியலமைப்பின் 300ஏ கூறு, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒருவரின் சொத்தைப் பறிக்கக் கூடாது என்கிறது. 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் அந்த அதிகாரத்தைத் தருகிறது. ஆகவே அச்சட்டப்படி நடக்கும் அரசுக்கு எதிரே அண்ணன் உட்படுநிலையில் இருக்கிறார்; அவரிடம் மிஞ்சுவது இழப்பீடு கேட்கும் உரிமை. 1978இல் 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்தபோது, சட்டமன்றத்துக்கு எதிராக இருந்த விலக்குரிமையின் பெரும்பகுதி போனது. நிர்வாகத்துக்கு எதிரானது தங்கியது. கேசவானந்த பாரதி தீர்ப்பையும் (1973) இந்தக் கண்ணால் படியுங்கள்: அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்பது, திருத்தும் அதிகாரம் பெற்ற நாடாளுமன்றத்தின்மேல் சுமத்தப்பட்ட அதிகாரமின்மை.

எல்லாக் கடமைக்கும் எதிரே ஓர் உரிமையாளர் இருக்கிறாரா என்று யாராவது கேட்டால் அது நல்ல கேள்வி. ஹோஃபெல்டின் இணை ‘ஆம்’ என்கிறது. உரிமையாளர் இல்லாத தனிக் கடமைகளும் உண்டு என்றார் ஆங்கிலச் சட்டவியலாளர் ஆஸ்டின். 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் மனிதர்மேல் கடமை வைக்கிறது. எதிரே உரிமையோடு நிற்பது காளையா, அரசா? 2014இல், ஜல்லிக்கட்டு பற்றிய நாகராஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கடமைகளிலிருந்து காளையின் உரிமையைப் படித்தெடுத்தது. 2023இல் அரசியல் சாசன அமர்வு ஜல்லிக்கட்டுக்கு வழிவிட்டபோது, விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்ற பக்கம் போகத் தயங்கியது.

வெள்ளிக்கிழமை வகுப்புக்கு: தம்பி 30 லட்சத்துக்குப் பத்திரம் போடும் முந்தின நாள் அண்ணன் பவரை ரத்து செய்கிறார், செய்தி தம்பிக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 208ஆம் பிரிவைப் படித்துவிட்டு, அந்த ஒரு நாளில் மூவருக்கும் நடுவே இருக்கும் உறவுகளை இணை இணையாக எழுதி வாருங்கள்.