இம்ரான் வீசினான், தினேஷ் அடித்தான், கோப்பை நமக்கு!

பள்ளிகளுக்கு இடையிலான கால்பந்து இறுதி ஆட்டத்தில் நம் அணி கூடுதல் நேரத்தில் 2-1 என்று ஜெயித்துக் கோப்பையைக் கொண்டுவந்துவிட்டது. கோல் அடித்தவர்கள் கேப்டன் சரவணனும் தினேஷும். ஆனால் மைதானத்துக்கு வந்த யாரைக் கேட்டாலும் ரைட் பேக் இம்ரானின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள்.

முதல் பாதி நமக்குச் சரியாக அமையவில்லை. நீலச் சட்டை அணிக்கு 19ஆவது நிமிடத்தில் கார்னர் கிடைத்தது, பந்து முதல் கம்பத்துப் பக்கம் தாழ்வாக வந்தது, நம் ஆட்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் அவர்களுடைய சென்டர் பேக் ஓடிவந்து தலையால் முட்டி வலைக்குள் தள்ளிவிட்டான். அதற்குப் பிறகு இம்ரான் எறிந்த நீளமான த்ரோ ஒன்றையும் லைன்ஸ்மேன் கொடி தூக்கி ஃபவுல் த்ரோ என்றார். பந்து கையை விட்டுப் போகும் நேரத்தில் இரண்டு பாதங்களும் தரையில் பட்டிருக்க வேண்டும், அவனுடைய பின்கால் தூக்கிவிட்டது. பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் இந்த ஒரு விஷயத்துக்காகவே கோச் சார் அவனை இருட்டும் வரை எறிய வைத்தது அணியில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்தக் கொடி மேலே போனபோது அவன் முகம் வாடியதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

இரண்டாம் பாதியில் ஆட்டம் நம் பக்கம் திரும்பியது. 63ஆவது நிமிடத்தில் பெனால்டி பாக்ஸுக்குச் சற்று வெளியே ஃப்ரீ கிக். நடுவர் 9.15 மீட்டர் அளந்து சுவரை நிறுத்தினார். சரவணன் இரண்டடி பின்னால் போய் நின்றான், சுவரில் இருந்த நான்கு பேரும் பந்து தலைக்கு மேல்தான் வரும் என்று நம்பிக் குதித்தார்கள், அவனோ அவர்கள் காலுக்கு அடியில் தரையோடு தரையாக அடித்துவிட்டான். கோல்கீப்பர் அசையவே இல்லை. 1-1.

70 நிமிடம் முடிந்தும் அதே ஸ்கோர்தான். கூடுதல் நேரம், பத்துப் பத்து நிமிடமாக இரண்டு பாதி. அதற்குள் இரண்டு அணியிலும் பாதிப் பேருக்குத் தசைப்பிடிப்பு வந்துவிட்டது. இம்ரான் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே படுத்துவிட்டான், கோச் சார் அவன் குதிகாலைத் தாங்கி, கால்விரல்களை முழங்கால் பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். எழுந்து நொண்டியபடிதான் உள்ளே வந்தான்.

84ஆவது நிமிடம். எதிரணியின் கார்னர் கொடிக்குப் பக்கத்தில் நமக்கு த்ரோ கிடைத்தது. "விடுடா தம்பி, நான் போடுறேன்" என்று சரவணன் பந்தை எடுத்தான். "இல்லண்ணா, நானே போடுறேன்" என்று இம்ரான் வாங்கிக்கொண்டான். சட்டையின் நுனியால் பந்தைத் துடைத்தான். நான்கு எட்டு ஓடிவந்தவன், கோட்டுக்கு வந்ததும் இரண்டு பாதங்களையும் அழுத்தமாக ஊன்றி, தலைக்குப் பின்னாலிருந்து எறிந்தான். பந்து முதல் கம்பத்தைத் தாண்டிப் போனது. எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் பழக்கதோஷத்தில் முன்னால் ஏறி ஆஃப்சைடு கேட்டுக் கையைத் தூக்கினார்கள். த்ரோவிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது! அதை மறக்காமல் அங்கேயே நின்றிருந்தான் தினேஷ், பந்து ஒருமுறை குத்தி எழும்பியதும் பக்கவாட்டுக் காலால் உள்ளே திருப்பிவிட்டான். இந்த வருடம் நான் பார்த்ததில் மிகவும் புத்திசாலித்தனமான கோல் இதுதான்.

கீழ் வகுப்புத் தம்பிகள் பலர் அத்தோடு ஆட்டம் முடிந்தது என்று நினைத்து உள்ளே ஓடப் பார்த்தார்கள். முதல் கோலோடு ஆட்டத்தை முடிக்கும் கோல்டன் கோல் விதியை 2004லேயே நீக்கிவிட்டார்கள், அதனால் மீதி ஆறு நிமிடத்தையும் தாங்கியே ஆக வேண்டியிருந்தது. அந்த ஆறு நிமிடமும் பந்து நம் பாதியை விட்டு வெளியே போகவே இல்லை. கடைசி நிமிடத்தில் அவர்களுடைய 10ஆம் எண் ஆட்டக்காரன் கூட்டத்துக்குள்ளிருந்து அடித்த பந்து யார் மேலோ பட்டுத் திசை மாறியது. எதிர்ப்பக்கம் பாயத் தொடங்கியிருந்த கோல்கீப்பர் ஜோயல் எப்படியோ இடது காலை நீட்டிவிட்டான், பந்து பூட்ஸில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே போனது. கார்னர் அடித்ததும் விசில்!

எதிரணியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 90 நிமிடமும் ஒரு தப்பான ஆட்டம் கிடையாது, தோற்ற பிறகும் அவர்களுடைய கேப்டன் வந்து, கீழே உட்கார்ந்திருந்த இம்ரானைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டான்.

சரவணன், ஜோயல் உட்பட ஆறு பேர் இந்த ஆண்டோடு பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறார்கள், அந்த இடங்களுக்கெல்லாம் ஆள் தேவை. அணித் தேர்வு பள்ளி திறந்த இரண்டாவது வாரம், மாலை வகுப்பு முடிந்ததும் மைதானத்தில் நடக்கும். கோல்கீப்பராக ஆசைப்படுகிறவர்கள் கண்டிப்பாக வாருங்கள்.