தரங்கம்பாடி வண்டி

சோழன் எக்ஸ்பிரஸ் நாற்பது நிமிடம் தாமதம் என்று அறிவித்தார்கள். வசந்தா மடியிலிருந்த பையை இறக்கிக் கீழே வைத்தாள். சற்று முன் அவளைக் கடந்து போன அம்மாள் திரும்பி வந்து எதிரே நின்றாள்.

"தப்பா நினைக்காதீங்க. நீங்க செம்பொன்னார்கோவில் வசந்தாவா?"

வெளுத்த தலை, கனத்த கண்ணாடி. முன்பற்களுக்கு நடுவே இருந்த சந்து மட்டும் மாறவில்லை.

"அடிப்பாவி, சரோஜா!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் எழுந்து இடம் விட்டான். சரோஜா டீ வாங்கினாள். வேண்டாம் என்று சொல்லியும் வடையும் வாங்கினாள். வீட்டுக்காரர், பிள்ளைகள், சர்க்கரை, முழங்கால் எல்லாம் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. வசந்தா சென்னையில் மகன் வீட்டுக்குப் போகிறாள். வீட்டுக்காரர் போய் மூன்று வருஷம். சரோஜா தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்று, இப்போது திருவாரூரில்.

"தரங்கம்பாடி வண்டி எங்க நிக்கும்னு ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? 86லயே நிறுத்திட்டாங்களே."

1981-இல் அந்த வண்டியில்தான் இருவரும் மாயவரத்துக்கு டைப் அடிக்க வருவார்கள். அப்போது இந்த ஊருக்கு மயிலாடுதுறை என்று பெயர் மாறியிருக்கவில்லை. லோயர் முடித்து ஹையர் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஷார்ட்ஹேண்ட் வகுப்புக்கு பாஸ்கர் வந்தான். காதல் என்று பெரிதாகச் சொல்ல என்ன இருந்தது? நாலைந்து கடிதம். அப்புறம், சிதம்பரம் போய்விடலாம் என்று ஒரு தேதி. அந்தத் தேதிக்கு முந்தைய நாள் அண்ணன் வசந்தாவின் புத்தகத்தைப் பிடுங்கி உதறினான். ஒரே மாதத்தில் விருத்தாசலத்தில் கல்யாணம்.

சரோஜா வடை மடித்த காகிதத்தை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"வசந்தா, உங்க அண்ணன்கிட்ட சொன்னது நான்தான்டி."

வசந்தா பேசவில்லை.

"நீ ஓடிப்போயிட்டா எங்க வீட்டுல என்னை வெளியவே விடமாட்டாங்க. கூடப் போன பொண்ணுன்னு என் பேருதான் முதல்ல அடிபடும். பரீட்சைக்கு ரெண்டு மாசம்தான் இருந்துச்சு. உன் நல்லதுக்குன்னுதான் அண்ணன்கிட்ட சொன்னேன். பொய். எனக்கு ஹையர் பாஸ் பண்ணணும்."

"பாஸ் பண்ணிட்டே."

"ஃபர்ஸ்ட் கிளாஸ்." சொன்ன வேகத்திலேயே சரோஜா தலையைக் குனிந்துகொண்டாள். "எத்தனையோ தடவை லெட்டர் எழுத உட்கார்ந்திருக்கேன். இன்னிக்கி உன்னைப் பார்த்ததும், இதைச் சொல்லாம வண்டி ஏறக் கூடாதுன்னு தோணுச்சு. இப்பத்தான் மூச்சே வருது."

அவளுக்கு உண்மையிலேயே மூச்சு வந்திருந்தது. முகம் தெளிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

பாஸ்கரின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள் வசந்தா. மீசை வந்தது, முகம் வரவில்லை. அவளுக்குத் தெளிவாக வந்தது சித்தியின் முகம். அந்தக் கடிதங்களில் ஒன்றைச் சித்தி ஒருநாள் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தலையணைக்கடியில் திரும்ப வைத்தவள். மூத்தவன் பிறந்தபோது டின் நிறைய முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு விருத்தாசலம் வரை பஸ்ஸில் வந்தாள். பிள்ளை தூங்குகிறது என்று சொல்லி வசந்தா அறைக் கதவைத் திறக்கவேயில்லை. சித்தி சாயங்காலம் வரை திண்ணையில் உட்கார்ந்திருந்து, முறுக்கு டின்னை மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

"எனக்குச் சித்திதான்னு நினைப்பு," என்றாள் வசந்தா.

"யாரு, கமலா சித்தியா?"

"செத்ததுக்குக்கூட நான் போகலை."

சரோஜா துடைத்த கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தாள். "அய்யோ, எனக்குத் தெரியாதே வசந்தா. அவங்க... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, நான் இல்லைன்னு."

"நான் கேட்டாத்தானே சொல்ல."

பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று ஒலிபெருக்கி ஆரம்பித்தது. இடம் விட்ட பையன், "ஆன்ட்டி, டி ஃபோர் கொஞ்சம் முன்னாடி நிக்கும்," என்று பையைத் தூக்கிக்கொண்டான். வசந்தா அவன் பின்னால் நடந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு சரோஜாவும் வந்தாள்.

"திட்டவாவது செய்யேன்டி."

"உன்னைத் திட்டி என்ன பண்றது? அந்த வயசுல உனக்கும் வேற வழி தெரியலை." சொல்லிவிட்டு, "முறுக்கு டின்னு இன்னும் எங்க வீட்டுலதான் இருக்கு," என்றாள். சரோஜாவுக்கு அது புரியவில்லை.

வண்டி வந்து நின்றது. பையன் பையை உள்ளே வைத்துவிட்டு இறங்கினான். வசந்தா கம்பியைப் பிடித்து ஏறினாள்.

"நம்பராவது கொடுத்துட்டுப் போ."

வசந்தா நம்பரைச் சொன்னாள். சரோஜா ஒவ்வொரு எண்ணாகத் தடவித் தடவி அழுத்தி, கைப்பையில் இருந்த போன் அடிக்கிற வரைக்கும் விடவில்லை.

"வந்துடுச்சு," என்றாள் வசந்தா. "ஆனா நீ கூப்பிடாதே. தோணுறப்ப நானே கூப்பிடுறேன்."