உங்கட இடப்பக்க இயர்பட்: திருத்திறதா, விடுறதா

அக்கா, வணக்கம். வெள்ளவத்தைக் கடையில இருந்து. நேற்றுப் பின்னேரம் நீங்கள் தந்திட்டுப் போன இயர்பட்ஸைப் பார்த்திட்டன். போனில சொன்னால் பாதி விளங்காமல் போகும், அதால எழுதியே அனுப்புறன்.

முதல் நல்ல செய்தி. வலப்பக்கத்தில ஒரு பிழையும் இல்லை. சத்தம் குறைவெண்டு சொன்னீங்களெல்லே, அது வாய்ப்பக்க வலையில காதழுக்கு அடைச்சது. மெல்லிய பிரஷால தட்டி எடுத்திட்டன், இப்ப நல்லாக் கேட்குது. கேஸும் சரி. டைப்-சி வாய் இறுக்கமா இருக்கு, பட்ஸுக்கு 5 வோல்ட் ஒழுங்காப் போகுது.

பிரச்சினை இடப்பக்கம்தான், சார்ஜே ஏறுதில்லை. அதின்ர அடியில ரெண்டு சின்னப் பொன் நிறப் புள்ளி இருக்கு, அதாலதான் சார்ஜ் ஏறும். ஒண்டில கறுப்பாப் படலம் பிடிச்சிருந்தது. காலையில மரைன் டிரைவில நடக்கேக்க போடுறனீங்கள் எண்டு சொன்னீங்கள். வேர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்தால் அந்தப் புள்ளி இப்பிடித்தான் அரிக்கும். அற்ககோல் தொட்டுத் துடைச்சன், வந்திட்டுது. அதோட சரியாகும் எண்டுதான் நினைச்சன், ஆகேல்லை.

பிறகு கேஸை விட்டிட்டு, மேசையில இருக்கிற பவர் சப்ளையால நேரடியாக் கரண்ட் குடுத்துப் பார்த்தன். வலப்பக்கம் 30 மில்லிஅம்பியர் மட்டில இழுக்குது, அது சரியான அளவு. இடப்பக்கம் 3 மில்லிஅம்பியருக்கு மேல போகவே இல்லை. ஒரு மணித்தியாலம் விட்டன், அதே 3. பற்றரி அளவுக்கு மீறி இறங்கிப் போயிருந்தால், உள்ள இருக்கிற சார்ஜிங் சிப் பயந்து பயந்து கொஞ்சமாத்தான் விடும். நல்ல பற்றரி எண்டால் கொஞ்ச நேரத்தில எழும்பி வழமையான அளவுக்கு வந்திடும். இது எழும்பேல்லை. பற்றரி செத்துப்போச்சு.

ஏன் செத்தது எண்டால், அந்தக் கறுப்புப் படலத்தாலதான். காந்தம் பிடிச்சு வைக்கிறதால பட் கேஸுக்குள்ள ஒழுங்கா இருக்கிற மாதிரித்தான் தெரியும். ஆனால் புள்ளி தொடாட்டி, தான் கேஸுக்குள்ள இருக்கிறதே அதுக்குத் தெரியாது. வெளியில இருக்கிற மாதிரி முழிச்சுக்கொண்டே கிடந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் இறங்கியிருக்கும். பிறகு அப்பிடியே கிழமைக் கணக்காக் கிடந்திருக்கும். லித்தியம் பற்றரி அந்த நிலையில கனநாள் கிடந்தால் உள்ளுக்குள்ள பழுதாகிப் போகும்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி: பற்றரியை மாத்தேலாதோ?

மாத்தலாம். ஆனால் நான் மாத்தச் சொல்லமாட்டன். இந்த விலைக்கு வாற பட்ஸில திருகாணி ஒண்டும் இல்லை. வெளி ஓட்டின்ர ரெண்டு பாதியையும் பசை போட்டு ஒட்டித்தான் விடுறாங்கள். சூடு காட்டி, மெல்லிய தகட்டை விட்டு நெம்பித்தான் திறக்கோணும். திறக்கேக்க உள்ள இருக்கிற கொளுக்கி உடையும், இல்லாட்டி ஓட்டில வெடிப்பு விழும். சில நேரம் ஓட்டில ஒட்டியிருக்கிற டச் வயரும் சேர்ந்து பிய்யும். உள்ள இருக்கிற பற்றரி ஒரு சின்ன விரல் நகத்தளவு. அதில தலைமயிர் மாதிரி ரெண்டு வயர். ஈயம் வைக்கேக்க சூடு ஒரு நொடி கூடினால் புதுப் பற்றரியே பழுதாகிடும். அளவு வேற சரியாப் பொருந்தோணும். பற்றரியில 501012 எண்டு இருந்தால் 5 மில்லிமீற்றர் தடிப்பு, 10 அகலம், 12 நீளம். அரை மில்லிமீற்றர் கூடினாலும் ஓடு மூடாது. எல்லாம் முடிச்சுத் திரும்ப ஒட்டினாலும் முதல் இருந்த மாதிரி வேர்வையைத் தாங்காது. நீங்களோ நடக்கேக்க போடுற ஆள்.

கணக்கைப் பாருங்கோ. புறக்கோட்டையில 2,900 ரூபாய்க்கு வாங்கினது எண்டு சொன்னீங்கள். பற்றரி 450, என்ர கூலி 1,500. 1,950 ரூபாய், அதுவும் ஒரு பக்கத்துக்கு. வலப்பக்கப் பற்றரியும் அதே நாள் வாங்கினது, அதே வயசு. அது எப்ப கைவிடும் எண்டு என்னால சொல்லேலாது. இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு ஒரு மாசமாவது உத்தரவாதம் தரோணும், இதுக்கு என்னால தரேலாது. உத்தரவாதம் தராத வேலைக்குக் காசு வாங்க எனக்கும் விருப்பமில்லை.

அண்டைக்கு உங்கட மகன் கேட்டார், இன்னொரு செட்டின்ர இடப்பக்கத்தைப் போடேலாதோ எண்டு. வெளியில ஒரே மாதிரி இருக்கிற பட்ஸுக்குள்ள வேற வேற சிப் இருக்கும். ரெண்டு பக்கமும் ஒண்டையொண்டு தெரிஞ்சால்தான் சோடியா வேலை செய்யும். இந்த மலிவு ரகத்தில அது சேருறது அதிர்ஷ்டம். சில பெரிய கொம்பனிகளின்ர சாமான் எண்டால் ஒரு பக்கத்தை மட்டும் தனியா விலைக்கு வாங்கலாம். அதுகளுக்குச் செலவழிக்கிறதில ஒரு நியாயம் இருக்கு.

இன்னொண்டு. ஆரும் 'பற்றரியைத் தூக்கி எழுப்பித் தாறன்' எண்டு சொன்னால் குடுக்காதேங்கோ. செத்த லித்தியம் பற்றரிக்கு வலுக்கட்டாயமாச் சார்ஜ் ஏத்தினால் ஏறின மாதிரிக் காட்டும், பிறகு உள்ளுக்குள்ள ஷோர்ட் ஆகிச் சூடாகலாம், ஊதலாம். மேசையில இருக்கிற ரேடியோ எண்டால் பரவாயில்லை, இது காதுக்குள்ள போடுற சாமான்.

மலிவு பட்ஸ் எல்லாத்தையும் எறியச் சொல்லுறன் எண்டு நினைக்காதேங்கோ. வலை அடைச்சால், புள்ளி கறுத்தால், ரெண்டு பக்கமும் ஒண்டோட ஒண்டு சேராமல் நிண்டால் கொண்டு வாங்கோ, அஞ்சு பத்து நிமிச வேலை. கேஸின்ர சார்ஜ் வாய் ஆடினாலும், கேஸ் பற்றரி இறங்கினாலும் செய்யலாம். கேஸைத் திறக்கிறது லேசு, பற்றரியும் பெரிசு, கடையில கிடைக்கும். பட்டுக்குள்ள கை வைக்கிற வேலை எண்டால்தான், அதுவும் புதுசின்ர பாதி விலையைத் தாண்டினால், நான் வேண்டாம் எண்டு சொல்லுவன். முந்தி வயர் இயர்போன் காலத்தில ஜாக்கை வெட்டிப் புதுசு போட்டுக் குடுத்தால் இன்னும் ரெண்டு வருசம் ஓடும். அந்தச் சுகம் இதில இல்லை.

இப்போதைக்கு வலப்பக்கத்தைத் தனியாப் பாவியுங்கோ. உங்கட போனோட சேர்த்துப் பார்த்தன், தனியாவே எடுக்குது. கோல் கதைக்கவும் நடக்கேக்க பாட்டுக் கேட்கவும் காணும். நடந்து வந்தோடன காய்ஞ்ச துணியால துடைச்சிட்டுக் கேஸில வையுங்கோ, வைக்கேக்க லைட் பத்துதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ. புதுசு வாங்கிறதெண்டால், நடக்கிறதுக்கு மட்டும்தான் எண்டால், கழுத்தில போடுற நெக்பேண்ட் ரகத்தைப் பாருங்கோ. பற்றரி பெரிசு, திறக்கிறதும் சுகம், பிறகு பழுதானால் என்னால ஏதும் செய்யலாம்.

பார்த்த கூலி ஒண்டும் வேண்டாம். செத்த இடப்பக்கத்தைக் குப்பைப் பையில போடாதேங்கோ, லொறியில நசுங்கினால் நெருப்புப் பிடிக்கலாம். விருப்பமெண்டால் இஞ்சயே விட்டிட்டுப் போங்கோ, பழைய பற்றரிகளோட சேர்த்து இலத்திரனியல் கழிவு எடுக்கிற ஆக்களுக்குக் குடுத்திடுறன். கடை இரவு ஏழரை வரைக்கும் திறந்திருக்கும். நாளைக்குப் போயா, பூட்டு. நாளையிண்டைக்கு வாங்கோ.