மகனை வீட்டுக்கு அழைத்துப் போகும் அம்மா, அப்பாவுக்கு

உங்கள் மகனுக்கு வந்திருப்பது ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய். நீங்கள் வளர்த்த விதத்தாலோ செய்வினையாலோ வந்ததல்ல.

"மாடி வீட்டுக்காரர் திட்டுகிறார்" என்று காதைப் பொத்திக்கொள்கிறானே, அந்தக் குரல் அவனுக்கு நிஜமாகவே கேட்கிறது. இல்லையென்று வாதாடாதீர்கள், ஆமாம் என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். "எனக்குக் கேட்கலைப்பா, ஆனா நீ பயந்துபோயிருக்கேன்னு புரியுது, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றால் போதும்.

ரிஸ்பெரிடோன் மாத்திரையை இரவு சாப்பாட்டுக்குப் பின் கொடுங்கள். குரல்கள் அடங்கச் சில வாரம் ஆகலாம். கை நடுக்கம், உடல் இறுக்கம், எடை கூடுதல் தெரிந்தால் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றலாம். குணமாகிவிட்டான் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நோய் திரும்புவது பெரும்பாலும் அதனால்தான். குரல்கள் அடங்கிய பிறகும் ஒன்றிரண்டு ஆண்டாவது தொடர வேண்டியிருக்கும்.

தூக்கம் கெட்டாலோ, சாப்பாட்டைச் சந்தேகித்தாலோ, அறைக்குள்ளேயே அடைந்துகொண்டாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் வாருங்கள். கஞ்சா, மது கூடவே கூடாது. சோம்பேறி என்று வீட்டில் யாரும் ஏச வேண்டாம். முடங்கிக் கிடப்பதும் நோயின் அறிகுறிதான். ஓயாத ஏச்சும் நோயைத் திரும்பக் கொண்டுவரும்.

சாகப்போவதாகப் பேசினால் தனியே விடாமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் நள்ளிரவிலும் தமிழில் பேசலாம்.