மூணார் – தேக்கடி – ஆலப்புழா: உங்கள் வீட்டு ஐந்து பேருக்கான கட்டண விவரம்

மதுரை, 28 மார்ச் 2026

அன்புள்ள செந்தில் சார்,

வணக்கம். நேற்று போனில் கேட்ட கணக்கை எழுதி அனுப்புகிறேன். "தலைக்கு 18,500 என்றால் ஐந்து பேருக்கு 92,500 தானே, அதில் என்ன கழியும், என்ன கூடும்?" என்று கேட்டீர்கள். அப்படி நேராகப் பெருக்கினால் சரியாக வராது. அம்மாவுக்குத் தனி அறை, பாப்பாவுக்கு 10 வயது, தம்பிக்கு 6 வயது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

பயணம் மே 14 வியாழன் காலை 5 மணிக்கு உங்கள் தெரு முனையிலிருந்து கிளம்பி, 18 திங்கள் மாலை மதுரை திரும்புவது. மூணாரில் 2 இரவு, தேக்கடியில் 1, ஆலப்புழா படகு வீட்டில் 1. உங்கள் தெருவிலிருந்து இதுவரை பெயர் கொடுத்தவர்கள், உங்களையும் சேர்த்து, 26 பேர். இரண்டு டெம்போ டிராவலர் வேன்கள்.

18,500 என்பது ஓர் அறையில் இரண்டு பேர் தங்கும்போது பெரியவர் ஒருவருக்கான கட்டணம். வேன், டிரைவர் பேட்டா, டோல், கேரள பெர்மிட் வரி, அறை, காலை உணவு, இரவு உணவு எல்லாம் இதற்குள். மதியச் சாப்பாடு படகு வீட்டில் மட்டும் எங்களுடையது.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. நீங்கள் சொன்னபடியே, அம்மாவுக்குத் தனி அறை, குழந்தைகள் இருவரும் உங்கள் அறையில்:

பெரியவர் 3 × 18,500 = ரூ. 55,500
பாப்பா, கூடுதல் படுக்கையுடன் (75%) = ரூ. 13,875
தம்பி, தனிப் படுக்கை இல்லாமல் (50%) = ரூ. 9,250
கூட்டினால் ரூ. 78,625
குழுத் தள்ளுபடி 8% கழிவு = ரூ. 6,290
மீதி ரூ. 72,335
அம்மாவின் தனி அறைக் கூடுதல் = ரூ. 7,200
மொத்தம் ரூ. 79,535
ஜி.எஸ்.டி. 5% = ரூ. 3,977
நீங்கள் கட்ட வேண்டியது ரூ. 83,512

அந்த 7,200-ஐப் பார்த்ததும் "ஒரு ஆளுக்கு இவ்வளவா?" என்று எல்லோரும் கேட்பார்கள், அதனால் பிரித்தே சொல்லிவிடுகிறேன். ஹோட்டல்காரர் தலைக்கு வாங்குவதில்லை, அறைக்கு வாங்குகிறார். மூணாரில் அறை இரவுக்கு 3,200. இரண்டு பேர் தங்கினால் ஆளுக்கு 1,600 விழும், அது 18,500-க்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஒருவரே தங்கினால் மறுபாதியையும் அவர்தான் தாங்க வேண்டும். இரண்டு இரவுக்கு 3,200. தேக்கடியில் அந்த மறுபாதி 1,500, படகு வீட்டில் 2,500. சாப்பாட்டிலோ வேன் சீட்டிலோ இதற்காக ஒரு ரூபாய்கூடச் சேர்க்கவில்லை. ஹோட்டலுக்கு அப்படியே போகும் பணம் என்பதால் இதில் தள்ளுபடியும் தர முடியாது.

ஆனால் சார், இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பாப்பா பாட்டியுடன் படுக்கட்டும். அப்போது அந்த அறையில் இரண்டாவது ஆள் என்பதால் பாப்பாவுக்குக் குழந்தைக் கட்டணம் கிடைக்காது, முழு 18,500 ஆகும். அதைக் கேட்டதும் நஷ்டம் போலத் தோன்றும். கணக்கைப் பாருங்கள்:

முழுக் கட்டணம் 4 × 18,500 = ரூ. 74,000
தம்பி = ரூ. 9,250
கூட்டினால் ரூ. 83,250
தள்ளுபடி 8% = ரூ. 6,660
மீதி ரூ. 76,590
ஜி.எஸ்.டி. 5% = ரூ. 3,830
கட்ட வேண்டியது ரூ. 80,420

தனி அறைக் கூடுதல் இல்லாமல் போவதால் 3,092 ரூபாய் மிச்சம். உங்கள் அறையில் கூடுதல் மெத்தை போட்டு நடக்க இடமில்லாமல் ஆவதும் இல்லை. அம்மா விடியற்காலை 4 மணிக்கே எழுந்து விளக்கேற்றுவார், பிள்ளைகள் தூக்கம் கெடும் என்றீர்கள். 10 வயதுப் பிள்ளை நாள் முழுக்கச் சுற்றிய அலுப்பில் அதற்கெல்லாம் விழிக்காது என்பது என் அனுபவம். அம்மாவிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தம்பியை அங்கே படுக்க வைத்தால் பலன் இல்லை, அவனுக்குப் படுக்கைக் கட்டணமே வாங்கவில்லை, 7,200 அப்படியே நிற்கும்.

தள்ளுபடி பற்றி ஒரு விஷயம். 20 தலையோ அதற்கு மேலோ இருந்தால் 8%, 15-க்கு மேல் 20-க்குள் என்றால் 5%. குழந்தைகளை அரைத் தலையாகத்தான் எண்ணுகிறோம். இப்போது பெரியவர் 20, குழந்தைகள் 6, ஆக 23. பாப்பா முழுக் கட்டணத்துக்கு மாறினால் இன்னும் அரை கூடும். ஏப்ரல் 30 அன்று எத்தனை பேர் உறுதியோ அதுதான் கணக்கு. நாலைந்து பேர் பின்வாங்கி 20-க்குக் கீழே போனால், முதல் கணக்கில் உங்களுக்கு 2,477 ரூபாயும் இரண்டாவதில் 2,622 ரூபாயும் கூடும். எதிர்வீட்டுக்காரர்கள் இன்னும் "பார்க்கலாம்" என்றே சொல்கிறார்கள், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.

கட்டணத்தில் சேராதவை: ராஜமலை வரையாடு பூங்கா டிக்கெட், தேக்கடி ஏரிப் படகு, யானைச் சவாரி மாதிரியான விருப்பச் செலவுகள், படகு வீடு தவிர மற்ற மதிய உணவு, டிப்ஸ். ராஜமலையில் வனத்துறை பஸ் இறக்கிவிட்ட பிறகு ஏற்றத்தில் நடக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் பஸ் நிற்கும் இடத்திலேயே உட்காரலாம், சில நேரம் ஆடுகள் அங்கேயே வந்து நிற்கும். மூன்று ஊரிலும் அவருக்குப் படியேறாத அறை, வெஸ்டர்ன் டாய்லெட் கேட்டு எழுதியிருக்கிறேன்.

படகு வீட்டில் நண்பகல் 12 மணிக்கு ஏறி, மறுநாள் காலை 9-க்கு இறங்க வேண்டும். மாலை ஐந்தரைக்கு மேல் மீனவர்கள் வலை போடுவார்கள், படகைக் கரையில் கட்டிவிடுவார்கள். "ராத்திரி முழுக்கப் படகு ஓடும் என்று நினைத்தோம்" என்று யாரும் பிறகு சொல்லக்கூடாது. ஏ.சி. இரவு 9 முதல் காலை 6 வரை மட்டும். 12 மணிக்குள் சேர, நாலாம் நாள் தேக்கடியிலிருந்து ஆறரைக்கே கிளம்புவோம், காலை உணவைப் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். போடிமெட்டு ஏறும்போது 17 கொண்டை ஊசி வளைவு. தம்பிக்கு வாந்தி வரும் என்றால் கிளம்பும் முன் இட்லியைக் குறைத்துக் கொடுங்கள்.

ஏப்ரல் 10-க்குள் 25,000 முன்பணம், மீதி மே 4-க்குள். யு.பி.ஐ., வங்கி, ரொக்கம் எதுவானாலும் சரி, ரசீது தருவோம். ஏப்ரல் 30 வரை ரத்து செய்தால் முன்பணத்தில் ஆளுக்கு 1,000 பிடிப்போம். மே 1 முதல் 7 வரை மொத்தத்தில் பாதி. அதற்குப் பிறகு திருப்பித் தர முடியாது, ஹோட்டல்களும் எங்களுக்குத் தராது.

குழந்தைகள் வயதுக்கு ஆதார் நகல் வேண்டும். பாப்பாவுக்கு மே 14 அன்று 12 நிறையாமல் இருந்தால் போதும். இரண்டு கணக்கில் எது என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், மூணார் அறைகளை அதுவரைதான் பிடித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மீனா
டூர் பொறுப்பாளர்