பதினான்கு பேருக்கும் ஒரே தொழில்

அக்காமார்களே, தங்கைகளே, வணக்கம்.

கணக்கு வாசித்தாகிவிட்டது. சேமிப்பு சரியாக இருக்கிறது, தவணை பாக்கி யாரிடமும் இல்லை. அடுத்து நாம் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: நம் குழு சேர்ந்து எந்தத் தொழிலை நடத்தப் போகிறது? போன கூட்டத்தில் ஏழெட்டு யோசனைகள் வந்தன. ஆளுக்கொன்றாகச் செய்து பார்க்கலாம் என்று கலைந்துவிட்டோம். அப்படிக் கலைந்துவிடக் கூடாது என்று கேட்கத்தான் இன்று எழுந்து நிற்கிறேன்.

இந்த வாரம் நம் கடன் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். தொழிலுக்கென்று வாங்கிய கடன்கள் எல்லாம் திரும்பி வந்திருக்கின்றன. பெருமைதான். ஆனால் அந்தத் தொழில்களில் எத்தனை இன்று நடக்கின்றன? வாங்கிய தையல் இயந்திரங்களில் மூன்று துணி போர்த்தி மூலையில் நிற்கின்றன. கடனை அடைத்தது தொழில் அல்ல. வீட்டுச் செலவைச் சுருக்கி, நம் தட்டில் விழுவதைக் குறைத்து நாமே அடைத்தோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. உழைப்பில் இங்கே யாரும் சளைத்தவர் இல்லை. தனியாக நின்றதால்தான் நின்றுபோனது.

தனியாகச் செய்பவர் சரக்கைச் சில்லறை விலைக்குத்தான் வாங்க முடியும். விற்பதோ அக்கம்பக்கத்தில், அதுவும் கடனுக்கு. முகம் பார்த்துப் பணம் கேட்கக் கூச்சம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நான்கு நாள் வேலை நின்றுவிடும், வாடிக்கையாளர் வேறு இடம் போய்விடுவார். பெரிய ஆர்டர் ஒன்று வந்தால் ஏற்கவே பயம். பதினான்கு பேராக இருந்தால் மொத்த விலைக்கு வாங்கலாம். ஒருவர் வராவிட்டாலும் வேலை நகரும். கடைக்காரரிடம் பணம் கேட்கப் போகும்போது குழுவின் பெயரில் கேட்கலாம்.

அப்படியானால் இரண்டு மூன்று தொழில்களாகத் தொடங்கலாமே என்று ஒரு தங்கை கேட்டார். நியாயமான கேள்வி. நம்மிடம் இருக்கும் பணத்தை மூன்றாகப் பிரித்தால் எந்தப் பங்கும் ஒரு தொழிலைத் தாங்காது. சரக்கு வாங்கிய நாளுக்கும், விற்ற பணம் கைக்கு வரும் நாளுக்கும் நடுவே ஒரு மாதம் ஓடலாம், இரண்டு மாதமும் ஓடலாம். அந்த இடைவெளியில் கையில் பணம் இல்லாமல்தான் சிறு தொழில்கள் மூச்சுத் திணறுகின்றன. பணம் இருந்தாலும், கணக்கு எழுதவும் கடை ஏறி இறங்கவும் நம்மில் எத்தனை பேரால் முடியும்? அந்த மூன்று நான்கு பேரையும் சிதறடிக்க வேண்டாம்.

1959-இல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினார்கள். இன்று லிஜ்ஜத் என்று நாம் அறிவது அதுதான். அவர்களுடைய கட்டுப்பாடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அப்பளம் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். நன்கொடை வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். இலாபமும் நட்டமும் எல்லோருக்கும் என்றார்கள். பிசைந்த மாவை வாங்கிக்கொண்டு போய் வீட்டிலேயே இட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அதற்கான கூலியை வாங்கிக்கொள்ளும் முறையை வைத்தார்கள். கைக்குழந்தையோடு இருப்பவரும் அதில் சேர முடிந்தது. இன்று பல்லாயிரம் பெண்கள் அதில் இருக்கிறார்கள்.

நம் முன்னால் மிஞ்சி நிற்பவை மூன்று: கறவை மாடு, காளான், தையல். மாடு நல்ல யோசனை. ஆனால் மாடு ஒருவர் வீட்டுத் தொழுவத்தில்தான் நிற்கும். பால் வற்றிய மாதங்களிலும் தீவனம் போட்டாக வேண்டும். நோய் வந்து இறந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி நம்மைப் பிரித்துவிடும். காளானுக்கு இடமும் முதலும் குறைவு, வளர்வதும் வேகம். ஆனால் பறித்த சில நாட்களுக்குள் விற்றாக வேண்டும். நிச்சயமாக வாங்குபவர் இன்னும் நமக்குக் கிடைக்கவில்லை.

என் மனம் தையலில்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. துணிப்பை, தலையணை உறை, பள்ளிச் சீருடை போன்றவை கெட்டுப்போகாதவை. ஒரு மாதம் விற்காவிட்டாலும் அடுத்த மாதம் விற்கலாம். வேலையைப் பிரிக்கவும் முடியும். துணியை அடுக்கி மொத்தமாக வெட்டினால் வீணாவது குறையும். அதற்கு இருவர் போதும். இயந்திரம் தெரிந்தவர்கள் தைக்கட்டும். மற்றவர்கள் பொத்தான் கட்டவும், நூல் பிசிறு நறுக்கவும், தேய்த்து மடிக்கவும், ஒவ்வொன்றையும் சோதிக்கவும் செய்யலாம். சோதிக்கும் வேலையைக் கண்டிப்பானவரிடம் கொடுப்போம். ஒரு கோணல் தையல் வெளியே போனால் அடுத்த ஆர்டர் வராது. போர்த்தி வைத்த மூன்று இயந்திரங்களையும் குழு வாடகைக்கு எடுத்துக்கொண்டால், புதிதாக வாங்கும் செலவும் இப்போதைக்கு இல்லை.

சேமிப்புப் பணம் போய்விடுமோ என்ற பயம் உங்களுக்கு இருப்பது தெரியும். எனக்கும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அதனால் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொழிலுக்குத் தர வேண்டாம் என்கிறேன். அதையும் கடனாகவே கொடுப்போம், நாம் ஒருவருக்கொருவர் வாங்கும் அதே வட்டிக்கு. தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி நோட்டு. தொழிலில் சேர விரும்பாதவர் யாராவது இருந்தால் அவருக்கு வருத்தமோ வற்புறுத்தலோ இல்லை. அவர் பங்குப் பணத்துக்கு வட்டி வந்துகொண்டிருக்கும். ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்ப்போம். போட்ட பணத்தில் பாதி கரைந்திருந்தால் அன்றே நிறுத்திவிடுவோம். இந்த வரம்பை இன்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடலாம். நட்டம் வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் சண்டைதான் மிஞ்சும்.

அடுத்த கவலை, ஒருவர் உழைக்க ஒருவர் சும்மா இருப்பது. கூட்டுத் தொழில்கள் முறிவது பெரும்பாலும் இந்த மனக்கசப்பில்தான். எனவே செய்த வேலைக்கு எண்ணிக்கைப்படி கூலி. பத்து தைத்தவருக்குப் பத்துக்கான கூலி, ஐந்து தைத்தவருக்கு ஐந்துக்கானது. கணக்கு எழுதுபவருக்கும், சரக்கு வாங்க அலைபவருக்கும் கூலி உண்டு, அதுவும் வேலைதான். கூலியும் வட்டியும் போக மிஞ்சுவதில் பாதியைத் தொழிலிலேயே விட்டுவைத்து, மீதியைச் சேர்ந்தவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம். உறவுக்காரர் என்று யாருக்கும் கடனுக்குச் சரக்குக் கொடுப்பதில்லை. இதைச் சொல்லத் தயங்குபவர்கள் என் பெயரைச் சொல்லித் தட்டிக்கழியுங்கள்.

வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சிலர் சொல்வீர்கள். கேளுங்கள். ஆனால் இந்தச் சேமிப்பு உங்கள் பெயரில் இருக்கிறது, இந்தத் தீர்மானத்தில் கையெழுத்தும் உங்களுடையதுதான்.

எழுதத் தயங்குபவர்களையும் மனத்தில் வைத்து மூன்று நிறத் தாள்கள் கொண்டுவந்திருக்கிறேன்: மாட்டுக்கு வெள்ளை, காளானுக்கு மஞ்சள், தையலுக்கு நீலம். ஒருவருக்கு ஒரு தாள், மடித்துப் பெட்டியில் போடுங்கள். எது அதிகம் வருகிறதோ அதுவே நம் தொழில். மஞ்சள் வென்றால், நாளைக் காலையில் காளான் வாங்குபவரைத் தேடி முதலில் புறப்படுவது நானாக இருப்பேன். தாள் கொடுக்கும் முன் கேள்விகள் இருந்தால் கேளுங்கள், பின்வரிசையில் இருப்பவர்கள் முதலில்.