வேலை நேரத்தை மாற்றித் தரும்படி வேண்டுதல்

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம் சேர்.

எனக்கு 48 வயது. மாதவிடாய் நிற்பதற்கு முந்திய உடல் மாற்றங்கள் இப்போது கடுமையாகிவிட்டன. இரவில் உடம்பு திடீரெனக் கொதித்து, தலையணை நனைய வியர்க்கிறது. விடியப்புறம்தான் கண் அயர்கிறேன். இரத்தப்போக்குக் கூடிய நாட்களில் சாவகச்சேரியிலிருந்து காலை பஸ்ஸில் நின்றுகொண்டு வர முடியவில்லை. கிளினிக்கில் மருந்து எடுக்கிறேன். வைத்தியரின் கடிதத்தை இணைத்துள்ளேன்.

8.30க்குப் பதிலாக 10 மணிக்கு வந்து, மாலை 6 மணிவரை நின்று வேலை செய்ய அனுமதி தருவீர்களா? மிகவும் ஏலாத நாட்களில் வீட்டிலிருந்தே கணக்கு வேலையைப் பார்க்கலாம். சம்பளப் பட்டியல் பிந்தாது. மூன்று மாதம் இப்படிச் செய்து பார்த்துவிட்டு மறுபடி பேசுவோம்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனாலும், கந்தோர் முழுக்கத் தெரியவேண்டாம் சேர்.

நன்றி.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவுப் பொறுப்பாளர்,
யாழ்ப்பாணக் கிளை